உப்புத் தண்ணீரில் விழுந்து 'டெட்' ஆன போன்... மதர்போர்டுக்கு மறுபடி உயிர் வருவது எப்படி?

வேதாரண்யம் பக்கம் செல்போன் கடைக்காரர்களுக்கு நல்லா பழகிப்போன ஒரு புகார் உண்டு. 'தண்ணியில விழுந்துடுச்சு, காய வச்சேன், அன்னைக்கு ஓடுச்சு. மறுநாள் காலையில சுத்தமா செத்துப்போச்சு' என்பதுதான் அது. இதே தவறு மற்ற ஊர்களிலும் நடக்கும். ஆனால் இங்கே விழுவது பெரும்பாலும் நல்ல தண்ணீரில் இல்லை. ஆறுகாட்டுத்துறையில் படகில் போகிறவர் பாக்கெட்டில் இருந்து விழுந்தால் கடல் தண்ணீர், அகஸ்தியம்பள்ளியில் பாத்தியில் வேலை செய்கிறவர் கையில் இருந்து நழுவினால் உப்பளத் தண்ணீர்.

சார்ஜ் போட்டாலும் வராது, பவர் பட்டனை அழுத்தினாலும் அசையாது. 'போர்டு போச்சு, புது போன் வாங்கிக்கோங்க' என்று ஒரு கடையில் சொல்வார்கள். இன்னொரு கடையில் அதே போனை வாங்கி வைத்து, இரண்டு நாள் கழித்து ஆன் செய்து கையில் கொடுப்பார்கள். அப்படி அந்த இரண்டாவது கடையில் என்னதான் செய்கிறார்கள்? சூடான காற்றை ஊதும் 'ப்ளோயர்' மெஷினும், ஊசி முனை சோல்டரிங் அயர்னும் வைத்து இறந்த போர்டை எப்படி எழுப்புகிறார்கள்? விரிவாகப் பார்க்கலாம்.

உப்புத் தண்ணீர் ஏன் இவ்வளவு மோசம்?

சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை அதிகம் கடத்தாது. அதில் கரைந்திருக்கும் உப்புதான் கடத்தும். ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. உப்பளப் பாத்தியில் நிலைமை இன்னும் மோசம். கடல் தண்ணீர் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்காகச் சுண்டிய பிறகுதான் உப்பு படியத் தொடங்கும் என்பதால், அந்தக் கட்டத்தில் பாத்தியில் இருக்கும் தண்ணீர் கடல் தண்ணீரைவிடப் பல மடங்கு செறிவானது.

இந்தத் தண்ணீர் போனுக்குள் போகும்போது உள்ளே பேட்டரி இணைப்பிலேயே இருக்கிறது. போனை 'ஸ்விட்ச் ஆஃப்' செய்தாலும் பேட்டரி கனெக்டரிலும், அதை ஒட்டிய பகுதிகளிலும் சுமார் 4 வோல்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். உப்புத் தண்ணீரும் மின் அழுத்தமும் ஒன்று சேர்ந்தால் பள்ளிக்கூடத்தில் படித்த மின்னாற்பகுப்பு நடக்கும். பாசிட்டிவ் பக்கத்தில் இருக்கும் செம்பும் ஈயப்பற்றும் கரைந்து, பக்கத்தில் இருக்கும் நெகட்டிவ் பக்கத்தில் போய்ப் படிந்து, அங்கிருந்து பாசிட்டிவ் பக்கத்தை நோக்கி மெல்லிய இழைகளாக வளரும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடப்பது இந்த அரிப்பின் கசடுதான்.

முதல் நாள் ஓடிய போன் மறுநாள் செத்துப்போவதற்கும் இதுவே காரணம். தண்ணீர் காய்ந்தாலும் உப்பு காயாது, அங்கேயே தங்கிவிடும். கடற்காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டு அரிப்பு தொடர்ந்து நடக்கும்.

அரிசி மூட்டையில் போட்டால்?

நெல் விளையும் டெல்டாவில் அரிசிக்குப் பஞ்சமில்லை. அதனாலோ என்னவோ, 'அரிசியில போட்டு வை' என்பதுதான் எல்லோரும் சொல்லும் முதல் வைத்தியம். வெளியில் இருக்கும் ஈரத்தைக் கொஞ்சம் அரிசி இழுக்கலாம். ஆனால் போர்டின் மேல் மூடியிருக்கும் தகட்டுக்கு அடியில், ஐசிக்குக் கீழே ஒட்டியிருக்கும் உப்பை அது எப்படி எடுக்கும்? 2024-ல் ஆப்பிள் நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில், ஐபோனை அரிசிப் பையில் போடாதீர்கள், அரிசித் துகள்கள் போனைப் பாதிக்கலாம் என்று எழுதியது. அரிசியில் போகும் அந்த இரண்டு நாளில்தான் பேட்டரியும் உப்பும் சேர்ந்து போர்டைத் தின்கின்றன.

முதல் வேலை சூடு காட்டுவது இல்லை

ப்ளோயர் என்றதும் போர்டை வெளியே எடுத்து உடனே சூடு காட்டுவார்கள் என்றுதான் பலரும் நினைப்போம். உண்மையில் நல்ல டெக்னீஷியன் ப்ளோயரைக் கையில் எடுப்பது ரொம்பக் கடைசியில். முதல் வேலை பேட்டரியைக் கழற்றுவது. இரண்டாவது வேலை கழுவுவது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. கடைகளில் போர்டு கழுவ ஐசோபுரொபைல் ஆல்கஹால், அதாவது 'ஐபிஏ' பயன்படுத்துவார்கள். அது எண்ணெய்ப் பிசுக்கையும் பழைய ஃப்ளக்ஸையும் நல்லா எடுக்கும், சீக்கிரம் காயும். ஆனால் உப்பு ஆல்கஹாலில் சரியாகக் கரையாது. அதனால் உப்புத் தண்ணீரில் விழுந்த போர்டை முதலில் காய்ச்சி வடித்த தண்ணீரில், பேட்டரிக்கு ஊற்றுவோமே அந்த டிஸ்டில்டு வாட்டரில், மென்மையான பிரஷ் வைத்துக் கழுவ வேண்டும். அதன் பிறகு ஐபிஏ ஊற்றி அந்தத் தண்ணீரை விரட்ட வேண்டும். போனைத் தண்ணீரில் இருந்து காப்பாற்ற மறுபடி தண்ணீரிலேயே கழுவுவதா என்று கேட்கலாம். பேட்டரி இணைப்பு இல்லாத போர்டைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. அதில் கரைந்திருக்கும் உப்பும், அதன் மேல் பாயும் மின்சாரமும்தான் எதிரி.

கழுவியதும் போர்டை மிதமான சூட்டில் சில மணி நேரம் நன்றாகக் காய வைப்பார்கள். இதைத் தவிர்த்துவிட்டு ஈரத்தோடு ப்ளோயர் காட்டினால், ஐசிக்குள் தங்கிய ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் சோளப்பொரி மாதிரி ஐசியையே வெடிக்க வைத்துவிடும்.

பழுது எங்கே? கரை உடைப்பைத் தேடும் வேலை

போர்டில் பேட்டரி மின்சாரம் ஒரு பிரதான லைன் வழியாக எல்லா ஐசிகளுக்கும் போகிறது. ஒரு பெரிய வாய்க்காலில் இருந்து கிளை வாய்க்கால்கள் பிரிந்து வயல்களுக்குப் போகும் இல்லையா, அது மாதிரி. வாய்க்கால் கரை எங்காவது உடைந்துவிட்டால் வயலுக்குப் போக வேண்டிய தண்ணீர் எல்லாம் உடைப்பு வழியாகவே ஓடிவிடும். போர்டில் இந்த உடைப்புக்குப் பெயர்தான் 'ஷார்ட்'. மின்சாரம் வேலை செய்ய வேண்டிய ஐசிக்குப் போகாமல் நேராகக் 'கிரவுண்டு'க்குப் பாய்ந்துவிடுகிறது.

உடைவது பெரும்பாலும் கெபாசிட்டர். போர்டில் கடுகைவிடச் சின்னதாக, வரிசை வரிசையாக ஒட்டியிருக்கும் பழுப்பு நிறத் துண்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒன்றின் அளவு 0.6 மி.மீ. நீளம், 0.3 மி.மீ. அகலம். இதைவிடச் சின்னதும் உண்டு. லைனுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே நின்று மின்சாரம் ஏற்ற இறக்கம் இல்லாமல் ஓட இவைதான் உதவுகின்றன. உள்ளே பல அடுக்குகளாக இருக்கும் இதில் ஒரு அடுக்கு பழுதானாலும் லைனும் கிரவுண்டும் ஒன்றாகிவிடும். ஒரு போனில் இப்படி நூற்றுக்கணக்கில் இருக்கும்போது கெட்டுப்போன ஒன்றைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஒரு மாதிரி போனை வைத்து ஒவ்வொரு படியாகப் போவோம். உப்புத் தண்ணீரில் விழுந்து, கழுவிக் காய வைத்தும் உயிர் வராத போர்டு அது.

பேட்டரிக்குப் பதிலாக 'டிசி மெஷின்' எனப்படும் பவர் சப்ளையில் இருந்து 4 வோல்ட் கொடுக்கிறார்கள். இரண்டு ஆம்பியருக்கு மேல் போகாதபடி எல்லை வைத்தாயிற்று. நல்ல போர்டாக இருந்தால் பவர் பட்டனை அழுத்தும் வரை மீட்டர் ஏறக்குறைய பூஜ்யத்தில் நிற்கும். நம் போர்டிலோ வயரை வைத்த உடனே மீட்டர் 2 ஆம்பியருக்குத் தாவுகிறது, வோல்ட் அப்படியே விழுந்துவிடுகிறது. பட்டனை யாரும் தொடவே இல்லை. இதற்கு ஒரே அர்த்தம், பிரதான லைனிலேயே முழு ஷார்ட்.

இதை மல்டிமீட்டர் உறுதி செய்யும். மீட்டரை 'டயோடு' நிலையில் வைத்து, சிவப்பு முனையைக் கிரவுண்டிலும் கறுப்பு முனையைப் பேட்டரி கனெக்டரின் பாசிட்டிவ் பின்னிலும் வைப்பார்கள். நல்ல போர்டில் 300-ல் இருந்து 500 வரை ஏதாவது ஒரு எண் வரும். நம் போர்டில் வருவது 000.

பட்டனை அழுத்திய பிறகு மட்டும் மீட்டர் கொஞ்சம் ஏறி அப்படியே நின்றுவிட்டால் கதை வேறு. அப்போது பிரதான லைன் நன்றாக இருக்கிறது, கிளை வாய்க்கால் ஒன்றில் சிக்கல் என்று அர்த்தம். பட்டனை அழுத்தியும் மீட்டர் அசையவே இல்லை என்றால் எங்கோ பாதை அறுந்திருக்கிறது. ஒரே ஒரு மீட்டரின் முள்ளை வைத்து இவ்வளவு படித்துவிடலாம்.

புகை போட்டுப் பிடிப்பது

இப்போது உடைப்பு எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். வாய்க்காலில் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு அது எங்கே ஓடுகிறது என்று பார்ப்பது போலவே, ஷார்ட் ஆன லைனில் 1 வோல்ட் மட்டும் கொடுத்து, 2 ஆம்பியர் வரை ஓட விடுவார்கள். கரண்ட் எல்லாம் கெட்டுப்போன கெபாசிட்டர் வழியாகவே பாய்வதால் அது மட்டும் சூடாகும்.

கையால் தொட்டு அந்தச் சூட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அதற்காக போர்டின் மேல் ரோசின் புகை போடுகிறார்கள். ரோசின் என்பது பைன் மரப் பிசின். அதைச் சோல்டரிங் முனையில் உருக்கினால் வரும் புகை, போர்டின் மேல் பனி பெய்த மாதிரி வெள்ளையாகப் படியும். பிறகு கரண்ட் கொடுத்தால், சூடாகும் பாகத்தின் மேல் மட்டும் அந்த வெள்ளை உருகிக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். தெர்மல் கேமரா வைத்திருக்கும் கடைகளில் திரையிலேயே அந்த இடம் பளிச்சென்று தெரியும். நம் போர்டில் சார்ஜிங் ஐசிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கெபாசிட்டர் மேல் ரோசின் உருகுகிறது.

எந்த லைனில் எவ்வளவு வோல்ட் கொடுக்கலாம் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. பிரதான லைன் 4 வோல்ட் தாங்கும். பிராசஸருக்குப் போகும் லைன் வழக்கமாக ஓடுவதே 1 வோல்ட் அளவில்தான். அங்கே அவசரப்பட்டு 4 வோல்ட் கொடுத்தால் போனின் மூளையே கருகிவிடும். அதனால்தான் நல்ல டெக்னீஷியன்கள் அந்த மாடலின் சர்க்யூட் வரைபடத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து, ஒவ்வொரு லைனின் பெயரையும் பார்த்த பிறகே வயரை வைக்கிறார்கள். குவால்காம் சிப் இருக்கும் பல போன்களில் இந்தப் பிரதான லைன் வரைபடத்தில் `VPH_PWR` என்று இருக்கும்.

இப்போதுதான் ப்ளோயர்

போன் கம்பெனிகள் பயன்படுத்தும் ஈயம் கலக்காத சோல்டர் சுமார் 217 டிகிரி செல்சியஸில் உருகும். ஆனால் ப்ளோயரில் 350 டிகிரிக்குப் பக்கத்தில் வைக்கிறார்களே, ஏன்? மெஷினில் காட்டுவது முனையில் இருந்து வெளியே வரும் காற்றின் சூடு. அந்தக் காற்று போர்டைத் தொடுவதற்குள் குளிரும். போர்டுக்குள் பல அடுக்காக இருக்கும் செம்புத் தகடும் அந்தச் சூட்டை இழுத்துப் பரப்பிவிடும். எல்லாம் கழித்துச் சோல்டருக்குப் போய்ச் சேரும் சூடு 217-ஐத் தாண்டினால் போதும்.

பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் கனெக்டர்களையும் பிராசஸரையும் சூடு தாங்கும் கேப்டான் டேப்பால் மூடிவிட்டு, கெபாசிட்டர் மேல் கொஞ்சம் ஃப்ளக்ஸ் தடவுகிறார்கள். ஃப்ளக்ஸ் சோல்டர் மேல் படிந்த கசடை நீக்கி ஒரே சீராக உருக வைக்கும். காற்றின் வேகத்தைக் குறைத்து, முனையை ஒரே இடத்தில் நிறுத்தாமல் சின்ன வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வேகம் கூடினால் பக்கத்து கெபாசிட்டர்கள் உமி மாதிரி பறந்துவிடும்.

சோல்டர் உருகியதா என்று எப்படித் தெரியும்? மங்கலாக இருந்தது திடீரென்று பளபளக்கும். டிவீசர் முனையால் லேசாகத் தொட்டால் பாகம் தானாக நகரும். அப்போதுதான் தூக்க வேண்டும். உருகும் முன்பே பிடித்து இழுத்தால் பாகத்தோடு அதற்கு அடியில் இருக்கும் செம்புத் தடமும் பிய்ந்துகொண்டு வந்துவிடும். புதியவர்கள் போர்டைக் கொல்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கெபாசிட்டரை எடுத்துவிட்டு மறுபடி மல்டிமீட்டர் வைத்தால் 000 இருந்த இடத்தில் இப்போது 380. ஷார்ட் போய்விட்டது. டிசி மெஷினில் வைத்துப் பட்டனை அழுத்தினால் மீட்டர் மெதுவாக ஏறி, நூறுகளில் மேலும் கீழும் ஆடத் தொடங்குகிறது. பிராசஸர் விழித்து வேலை செய்கிறது என்பதன் அடையாளம் அந்த ஆட்டம்தான். திரையில் லோகோ வருகிறது.

எடுத்த கெபாசிட்டருக்குப் பதில் புதுசு போட வேண்டாமா? அதே லைனில் பக்கத்திலேயே பல கெபாசிட்டர்கள் ஒரே வேலையைச் செய்வதால், ஒன்று இல்லாமலும் போன் ஓடும். என்றாலும் பழைய போர்டு ஒன்றில் இருந்து அதே மதிப்புள்ளதை எடுத்து வைப்பதே முறையான வேலை.

முடி இழை வயரில் ஒரு பாலம்

போன் ஆன் ஆனது. ஆனால் பேட்டரியை மாட்டிச் சார்ஜ் போட்டால் ஏறவில்லை. உப்புத் தண்ணீர் போர்டுகளில் ஒரு பழுதோடு கதை முடிவது அபூர்வம்.

பேட்டரி கனெக்டரில் பாசிட்டிவ், நெகட்டிவ் தவிர பேட்டரியின் சூட்டைப் போனுக்குச் சொல்லும் மெல்லிய லைனும் உண்டு. அந்தத் தகவல் வராவிட்டால், பேட்டரி எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாததால் போன் பாதுகாப்புக்காகச் சார்ஜையே மறுத்துவிடும். எப்போதும் வோல்ட் இருக்கும் இடம் என்பதால் அரிப்பு அதிகம் வருவதும் இந்தக் கனெக்டரைச் சுற்றித்தான். நம் போர்டில் அந்தப் பின்னில் மீட்டர் வைத்தால் `OL` என்று காட்டுகிறது. பாதை அறுந்திருக்கிறது என்று அர்த்தம்.

இதற்கு ப்ளோயர் வேண்டாம். மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே, ஊசி முனை அயர்ன் வைத்துச் செய்யும் மைக்ரோ சோல்டரிங் வேலை இது. அரித்துப்போன தடத்தின் மேல் பூச்சைச் சுரண்டி நல்ல செம்பு தெரியும் வரை போக வேண்டும். பிறகு 0.02 மி.மீ. தடிமன் உள்ள வயரை, அதாவது நம் தலைமுடியைவிட மெல்லிய செம்பு இழையை, ஒரு முனையில் இருந்து மறுமுனைக்குப் பாலமாக வைத்து ஒட்டுகிறார்கள். இதற்குக் கடை மொழியில் 'ஜம்பர்'. ஒட்டிய பிறகு மேலே பச்சைப் பூச்சு தடவி, யூவி விளக்கு காட்டினால் அது இறுகி வயரைப் பிடித்துக்கொள்ளும். தகவல் போகும் லைனுக்கு இந்த மெல்லிய வயர் போதும். சார்ஜிங் கரண்ட் போகும் லைனில் இதைப் போட்டால் சூடாகி அறுந்துவிடும், அங்கே தடிமனான வயர்தான் போட வேண்டும்.

'ஹீட் போட்டா வந்துரும்' என்றால் நம்பலாமா?

எதையும் அளக்காமல், பிராசஸர் மேல் நேராக ப்ளோயரைக் காட்டி, 'வந்துடுச்சு பாருங்க' என்று போனை ஆன் செய்து காட்டும் கடைகளும் உண்டு. அப்போது வருவதும் உண்மைதான். ஐசிக்குக் கீழே குட்டிக் குட்டி சோல்டர் உருண்டைகள் வரிசையாக இருக்கும். அதில் விரிசல் விட்ட ஒன்று சூட்டில் விரிந்து தற்காலிகமாகத் தொட்டுக்கொள்ளும். சில நாளில், சில நேரம் சில மணி நேரத்தில், மறுபடி விலகிவிடும். சரியான வைத்தியம் ஐசியை முழுசாக எடுத்து, பழைய சோல்டரைத் துடைத்து, ஸ்டென்சில் வைத்துப் புது உருண்டைகள் போட்டு மறுபடி உட்கார வைப்பது. 'ரீபால்' என்று சொல்வது இதைத்தான்.

பல போன்களில் பிராசஸர் மேலேயே ரேம் ஏறி உட்கார்ந்திருக்கும். தேவையில்லாத சூட்டில் இரண்டுக்கும் நடுவே இருக்கும் சோல்டர் பிதுங்கினால், சரி செய்யக்கூடிய போர்டும் சரி செய்ய முடியாததாகிவிடும்.

எது வராது?

பிராசஸரே ஷார்ட் ஆகிவிட்டால், அல்லது போர்டின் உள் அடுக்கு அரித்துப்போனால் பெரும்பாலும் அத்தோடு முடிந்தது. 'மெமரி சிப்பை மட்டும் எடுத்து என் குழந்தை போட்டோவைக் கொடுங்க' என்று கேட்பவர்கள் நிறைய. பழைய போன்களில் அது நடந்தது. இப்போதைய போன்களில் சேமிப்பில் இருப்பதெல்லாம் பூட்டுப் போட்டு எழுதப்படுகிறது. ஆண்ட்ராய்டு 10-உடன் வெளிவந்த போன்களில் இருந்து இது கட்டாயம். அந்தப் பூட்டின் சாவி அதே போனின் பிராசஸரோடு பிணைந்திருக்கிறது. சிப்பைக் கழற்றிப் படித்தால் புரியாத எழுத்துக் குப்பைதான் கிடைக்கும். பிராசஸர், மெமரி சிப் இரண்டும் பிழைத்து, போர்டு ஒரு முறையாவது உயிர்த்து, நாம் நம் பின் நம்பரை அடித்தால்தான் போட்டோ வெளியே வரும். எனவே போன் ஆன் ஆன உடனே செய்ய வேண்டிய முதல் வேலை எல்லாவற்றையும் பேக்கப் எடுப்பது. உப்பு தின்ற போர்டு எத்தனை நாள் தாங்கும் என்று எந்த டெக்னீஷியனும் உறுதி தர முடியாது.

உங்கள் போன் விழுந்தால்...

உடனே எடுத்து ஆஃப் செய்யுங்கள். ஆன் ஆகிறதா என்று சோதிக்காதீர்கள். சார்ஜ் கண்டிப்பாகப் போடாதீர்கள், வெயிலிலும் அரிசியிலும் வைக்காதீர்கள். முடிந்தால் அன்றைக்கே கடைக்குக் கொண்டு போய், 'உப்புத் தண்ணி' என்று மறக்காமல் சொல்லுங்கள். நல்ல தண்ணீரா உப்புத் தண்ணீரா என்பதைப் பொறுத்துக் கழுவும் முறையே மாறும். 'ஐபி68 போன்தானே' என்ற தைரியமும் வேண்டாம். அந்தச் சோதனை நடப்பது நல்ல தண்ணீரில், கடல் தண்ணீரில் இல்லை. ஒரு முறை திறந்து ஒட்டிய போனில் அந்தப் பாதுகாப்பும் பழையபடி இருக்காது.

கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 'டிசி மெஷின்ல வச்சா எவ்வளவு ஆம்பியர் காட்டுது?' பதிலாக ஒரு எண்ணும், எந்த லைனில் பழுது என்பதும் வந்தால் போனைத் தைரியமாகக் கொடுக்கலாம். 'ஹீட் போட்டுப் பார்ப்போம்' என்று மட்டும் பதில் வந்தால், போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போவது நல்லது.